சாமைச் சோறு எத்தனை பங்கு, அத்தை?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் சிறுதானியம் பற்றி எந்தச் செய்தி போட்டாலும், கீழே தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும். ''சுகர் இருக்கறவங்க சாமை எவ்வளவு சாப்பிடலாம்?'' 'சாப்பிடலாமா' என்று கேட்பவர்களைவிட 'எவ்வளவு' என்று கேட்பவர்கள்தான் எனக்கு முக்கியமானவர்களாகத் தெரிகிறார்கள். ஏனென்றால், அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது கொல்லிமலையில், என் அத்தையின் அடுப்படியில்.

முதலில் கணக்கின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கான உணவை 'பங்கு' பிரித்துத் திட்டமிடும் வழக்கம் 1950-ல் அமெரிக்காவில் ஒரு பட்டியலாக வெளிவந்தது. அங்குள்ள நீரிழிவு சங்கமும், உணவியல் நிபுணர்கள் சங்கமும், அரசின் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து தயாரித்தவை அவை. உணவுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குள் எதை எடுத்தாலும் ஒரே அளவு சத்து வரும்படி அளவு சொன்னார்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதற்கு 'மாற்றுப் பட்டியல்' என்று பெயர். இன்று அதில் தானியம், கிழங்கு, பழம் எதுவானாலும் ஒரு பங்கு என்றால் 15 கிராம் மாவுச்சத்து. அவர்கள் சாப்பிடும் ஒரு ஸ்லைஸ் ரொட்டியில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். ஜெர்மனியில் 12 கிராமை ஒரு பங்காக வைத்தார்கள், இங்கிலாந்தில் 10 கிராம். ஆக, 15 என்பது மருத்துவ ரகசியம் எதுவும் இல்லை. எண்ண வசதியான ஓர் அளவு.

ரொட்டி சாப்பிடுகிறவர்களுக்கு இது சுலபம். ஸ்லைஸை எண்ணினால் போதும். நம் தட்டில் எதை எண்ணுவது?

அத்தைக்கு வயது 54. செம்மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரில் இருக்கிறார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் மேலே வந்தால்தான் அவர் வீடு. காபியும் மிளகுமாக ஒரு சின்னத் தோட்டம், பக்கத்திலேயே கொஞ்சம் குச்சிக்கிழங்குக் காடு. குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

ஆறு வருடமாக அவருக்கு சுகர். மாத்திரை ஒழுங்காகப் போடுவார். ஆனாலும் போன வருடம் மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 9.4 வந்தது. ''இன்னும் ஏறிச்சுன்னா இன்சுலின் ஊசிதான்'' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைக்கு அதில் பெரிய மனக்குறை. ''ஏன் கண்ணு, நான் அரிசியே தொடறதில்லையே. ரெண்டு நேரமும் சாமைதான் திங்கறேன். அப்புறம் எங்கருந்து ஏறுது?''

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, சாமை, தினை என்றாலே மருந்து என்கிற பேச்சு டி.வி-யிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்லிமலைக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாகப் பயிர்செய்த மலை அது. நடுவில் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி விற்கலாம் என்றானதும், காடுகள் சாமையிலிருந்து கிழங்குக்கு மாறின. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. அது விட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கு வந்து, பழைய ரகங்களைத் திரும்ப விதைக்க வைத்து, உமி நீக்கும் இயந்திரங்களுக்கும் வழிசெய்தது. அத்தை வீட்டுக்குத் திரும்ப சாமை வந்தது அந்த இயந்திரங்களால்தான்.

சாமை திரும்பி வந்தது நல்ல விஷயம். ஆனால், அது தட்டுக்கு வரும்போது 'கணக்கில் வராத சோறு' என்ற பெயரோடு வந்துவிட்டது. அங்கேதான் பிரச்னை.

நாமக்கல்லில் இருக்கும் ஓர் உணவியல் நிபுணரிடம் போனில் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ''உங்க அத்தை ஒரு வேளைக்கு எத்தனை பங்கு சாப்பிடறாங்க?'' என்பதுதான். நான் ''சாமைதான் மேடம் சாப்பிடறாங்க'' என்றேன். ''அது பேரு. நான் கேட்டது எண்ணிக்கை'' என்றார். அவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சமையலறைத் தராசை வாங்கிக்கொண்டு பொங்கல் லீவுக்கு மலை ஏறினேன். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற தராசுதான். பாத்திரத்தை வைத்து பூஜ்யமாக்கும் பட்டன் இருந்தால் போதும்.

பட்டியலில் 'வெந்த சிறுதானியம் மூன்றில் ஒரு கப்' என்று போட்டிருக்கும். அந்த கப் 240 மில்லி கொள்கிற அமெரிக்க கப். நம் வீட்டு டம்ளர், கிண்ணம் எதுவும் அந்த அளவில் இருக்காது. அதைவிட, சாமையை உதிரியாக வடிப்பது ஒரு வீடு, குழைய விடுவது இன்னொரு வீடு. தண்ணீர் கூடினால் அதே சாமை இரண்டு கப் அதிகமாக வரும். அதனால் வெந்ததிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. வேகாத தானியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதுதான் அவர் சொன்ன முறையின் சூட்சுமம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நம் நாட்டு உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்று அட்டவணைகள் வெளியிட்டிருக்கிறது. அதன்படி 100 கிராம் சாமை அரிசியில் மாவுச்சத்து சுமார் 66 கிராம். கேழ்வரகிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சாதாரண அரிசியில் சுமார் 78. இந்த மூன்று எண்களைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. சாமைக்கும் அரிசிக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் 78-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. 78-க்கும் 66-க்கும் உள்ள வித்தியாசம்.

மறுநாள் காலை அத்தையிடம், ''நீங்க எப்பவும் ஆக்கற மாதிரியே ஆக்குங்க'' என்று சொல்லிவிட்டு 200 கிராம் சாமை அரிசியை நிறுத்துக் கொடுத்தேன். அதில் 132 கிராம் மாவுச்சத்து இருக்கும். 15-ஆல் வகுத்தால் 8.8, ஒன்பது பங்கு என்று வைத்துக்கொண்டோம். பானையின் எடையை முதலிலேயே குறித்து வைத்திருந்தேன். சோறு வெந்து, தண்ணீர் இழுத்து, ஆறிய பிறகு பானையோடு நிறுத்துக் கழித்தால் 720 கிராம். 720-ஐ ஒன்பதால் வகுத்தால் 80. ஆக, எங்கள் அத்தை ஆக்குகிற சாமைச் சோற்றில் 80 கிராம் ஒரு பங்கு. உங்கள் வீட்டில் அது 70 ஆகவோ 90 ஆகவோ இருக்கலாம். ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரேஷன் புழுங்கல் அரிசியையும் அதேபோல 200 கிராம் ஆக்கிப் பார்த்தோம். பத்து பங்குக்குச் சற்று மேல் மாவுச்சத்து. வடித்த சோறு 600 கிராம். ஒரு பங்குக்கு 58 கிராம்.

''இப்ப நீங்க எப்பவும் ராத்திரி போட்டுக்கற அளவுக்கு தட்டுல போடுங்க'' என்றேன். சாமை 420 கிராம் வந்தது. ''முன்னாடி அரிசிச் சோறு திங்கறப்ப எவ்வளவு போடுவீங்களோ, அதையும் போட்டுக் காட்டுங்க'' என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டார். 300 கிராம். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், அதுவும் ஐந்து பங்கு, இதுவும் ஐந்து பங்கு. சாமைக்கு மாறியதில் கிடைத்த லாபத்தை எல்லாம், 'சாமைதானே' என்று கூடுதலாகப் போட்டுக்கொண்ட கரண்டிகள் தின்றுவிட்டன.

அத்தை கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். ''அப்ப இதுல ஒண்ணுமே இல்லையா?'' என்றார். இருக்கிறது. தவிடு முழுக்கப் போகாத சாமையில் நார்ச்சத்து அரிசியைவிட அதிகம். அதனால் செரிப்பது மெதுவாகும், சர்க்கரை ஏறுவதும் நிதானமாகும். ஆனால், அந்தச் சலுகை ஒரே எண்ணிக்கையில் சாப்பிடும்போதுதான் கண்ணில் தெரியும். கடைகளில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கிற சாமையில் அந்தச் சலுகையும் பாதி போய்விடுகிறது.

அன்று முழுக்க அத்தை வாயில் போட்டது ஒவ்வொன்றையும் எழுதினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ''என்னை என்ன கேஸ் போட்டா விசாரிக்கறே?'' என்று இரண்டு தடவை கேட்டார்.

காலையில் கேழ்வரகுக் களி. 150 கிராம் மாவும் 40 கிராம் அரிசி நொய்யும் போட்டுக் கிண்டினார். மொத்தம் ஒன்பது பங்கு, மூன்று உருண்டை, உருண்டைக்கு மூன்று பங்கு. அத்தைக்கு ஒன்றரை உருண்டை. அதோடு டீ. அந்த டீயில்தான் எனக்கு ஆச்சர்யம். 100 மில்லி பாலில் இயல்பாகவே 5 கிராம் சர்க்கரை உண்டு. அதில் நிறைய இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் இன்னொரு 10 கிராம். சரியாக ஒரு பங்கு. அத்தை ஒரு நாளைக்கு மூன்று டீ குடிக்கிறார். மூன்று டீ என்றால், ஒரு முழுக் களி உருண்டை!

மதியம் சாமை ஐந்து பங்கு. சாயங்காலம்தான் கதை. தோட்டத்திலிருந்து வந்ததும், வேகவைத்த குச்சிக்கிழங்கு ஒரு தட்டு, மிளகாய்ச் சட்னி. அத்தையின் கணக்கில் அது சாப்பாடே கிடையாது. ''கெழங்குதான கண்ணு, காய் மாதிரி.'' மரவள்ளியில் 100 கிராமுக்கு சுமார் 38 கிராம் மாவுச்சத்து. தோல் நீக்கிய பச்சைக் கிழங்கு 40 கிராம் என்றாலே ஒரு பங்கு. கட்டை விரல் அளவு துண்டு ஒன்றரை, இரண்டு, அவ்வளவுதான். அத்தை எடுத்துக்கொண்டது தோல் நீக்கி 250 கிராம். ஆறு பங்குக்கு மேல். ஜவ்வரிசி ஆலைகள் இந்தக் கிழங்கைத் தேடி மலைக்கு வருவதே அதில் இருக்கிற மாவுக்காகத்தான் என்று சொன்னபோது அத்தை சிரித்துவிட்டார். அந்த ஒரு விஷயம் அவருக்குத் தராசைவிட நன்றாகப் புரிந்தது.

இரவு மறுபடி சாமை. கூட்டிப் பார்த்தால் அன்றைக்கு 23 பங்குக்கு மேல்.

அவருக்கு எவ்வளவு வேண்டும்? அதை நிபுணர் கணக்குப் போட்டுச் சொன்னார். அத்தையின் எடை, வயது, தோட்ட வேலை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,800 கலோரி. அதில் பாதி மாவுச்சத்திலிருந்து வரலாம் என்றால் 900 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும் என்பதால் 225 கிராம். அதை 15-ஆல் வகுத்தால் 15 பங்கு. மேசை வேலை செய்கிற ஒருவருக்கு இது அதிகமாக இருக்கலாம். எடை கூடியவருக்கு இன்னும் குறைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

23-ஐ 15 ஆக்குவதுதான் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிபுணர் வேறொன்றைக் கேட்டார். ''காலையில என்னைக்காவது சாப்பிடாம தோட்டத்துக்குப் போவாங்களா?''

அத்தையிடம் கேட்டேன். முதலில், ''இல்லையே'' என்றார். பிறகு மாமாதான் சொன்னார். மிளகு பறிக்கிற நாட்களில் விடியும்போதே கிளம்பிவிடுவாராம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு. டிசம்பரில் ஒரு நாள் பத்து மணி வாக்கில் தோட்டத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, ஏணியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை செய்த பெண் வெல்லம் கொடுத்த பிறகுதான் தெளிந்ததாம். ''வெயிலு தாங்கல, அதான்'' என்றார் அத்தை. டிசம்பர் மாதத்துக் கொல்லிமலையில் என்ன வெயில்?

அவர் போட்டுக்கொள்வது க்ளிமிப்ரைடு என்கிற மாத்திரை. அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றுக்குள் சோறு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஒரு பங்கு டீயோடு மலைச் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்தால், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். காலையில் ஒரு பங்கு, சாயங்காலம் ஏழு பங்கு. ஹெச்பிஏ1சி வெறும் சராசரி என்பதால், இந்த ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. அத்தைக்கு உண்மையான ஆபத்து 9.4-ல் மட்டும் இல்லை, அந்த ஏணியிலும் இருந்தது. அதற்கப்புறம் மாமா அவரைத் தனியாகத் தோட்டத்துக்கு அனுப்புவதில்லை.

அதனால் 15 பங்கையும் நாள் முழுக்கப் பரப்பி வைத்தோம். காலை நான்கு: ஒரு களி உருண்டையும் ஒரு சின்ன வாழைப்பழமும். பதினோரு மணிக்கு ஒன்று. மதியம் நான்கு: சாமைச் சோறு மூன்று பங்கு, அரை கப் கெட்டிப் பருப்பு ஒரு பங்கு. பருப்பிலும் மாவுச்சத்து உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாயங்காலம் இரண்டு பங்குக் கிழங்கு. பச்சையாக 80 கிராம். இரவு நான்கு. டீயில் சீனி இல்லை. வெறும் பாலில் வருவது ஒரு டீக்கு மூன்றில் ஒரு பங்கு. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டோம். கீரை, அவரைக்காய், பீர்க்கங்காய் இதெல்லாம் கணக்கில் வராது, வேண்டிய அளவு.

கிழங்கை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தால் அத்தை அன்றைக்கே என்னைப் பஸ் ஏற்றிவிட்டிருப்பார். மாற்றுப் பட்டியலின் நல்ல குணமே இதுதான். கிழங்கு வேண்டும் என்றால் கிழங்கு; ஆனால், அந்த இடத்தில் இருந்த சோறு எழுந்து போக வேண்டும். மிளகு பறிக்கிற நாளில் களி கிண்ட நேரமில்லை என்றால், முதல் நாள் இரவே ஒரு உருண்டை எடுத்து வைத்துவிடுவது. மாத்திரை போட்டால் அந்த உருண்டை உள்ளே போயே ஆக வேண்டும். 'சாப்பாடு இல்லாமல் மாத்திரை இல்லை' என்று டாக்டரும் அழுத்திச் சொன்னார். மாத்திரை அளவில் கை வைப்பது அவர் வேலை, அதில் நாங்கள் யாரும் தலையிடவில்லை.

தராசை தினமும் எடுக்க முடியாது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் சாப்பிடும்போது கணக்குப் போடுகிற பொறுமை இல்லை. வீட்டில் இருந்த குழிக்கரண்டிகளில் ஒவ்வொன்றாகச் சாமையை அள்ளி, தலைதட்டி நிறுத்துப் பார்த்தோம். ஒன்றில் 78 கிராம் வந்தது. அதற்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டியாயிற்று. 'செவப்புக் கரண்டி மூணு' என்பதுதான் இப்போது மதியச் சாப்பாடு. இதே கரண்டியால் அரிசிச் சோறு அள்ளினால் ஒரு பங்கைத் தாண்டிவிடும், ஏனென்றால் அரிசிச் சோற்றில் 58 கிராம்தான் ஒரு பங்கு. விருந்தாளி வந்து அரிசி ஆக்குகிற நாளில் மூன்று கரண்டி, இரண்டாகிவிடும்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? குளுக்கோமீட்டர்தான் சொல்லும். சாப்பாட்டின் முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு ரத்தம். பெரும்பாலானவர்களுக்கு அது 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. நான் போன முதல் நாள் இரவு அத்தைக்கு 268. கரண்டிக்கு மாறி இரண்டு வாரம் கழித்து, மாமா போனில் படித்துச் சொன்ன எண்கள் 176, 189, 171. தினமும் குத்த வேண்டியதில்லை. ஒரு புது உணவைக் கணக்கில் சேர்க்கும்போது இரண்டு மூன்று தடவை பார்த்தால் போதும்.

ஒரு நாள் மட்டும் 214 என்றார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால், அதே மூன்று பங்கு சாமைதான். ஆனால், சோறாக இல்லை. பல்வலி என்று சாமையை மாவாக அரைத்து, கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறார். 15 கிராம் கணக்கு தடுக்கி விழுகிற இடம் இது. எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு வேகத்தில் ரத்தத்துக்குப் போகும் என்று சொல்லாது. முழுத் தானியத்தைக் குடல் உடைக்க நேரம் ஆகும். மிக்ஸி அந்த வேலையை முன்கூட்டியே செய்துவிடுகிறது. அதனால் கஞ்சியாகக் குடிக்கிற நாளில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொண்டு, கூடவே சுண்டலோ பொரியலோ சாப்பிடச் சொல்லியிருக்கிறார் நிபுணர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். அவர்களில் பலர் பங்கை வைத்துத்தான் ஊசியின் அளவையே முடிவுசெய்கிறார்கள்.

இன்னொரு 15-ம் உண்டு. அதை மாமாவும் கற்றுக்கொண்டார். வேர்த்து, நடுங்கி, மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் வேகமான சர்க்கரை கொடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு, சாப்பாட்டு நேரம் தள்ளி இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். இந்த நேரத்தில் சாமையும் கிழங்கும் உதவாது. மற்ற நேரத்தில் நல்லது என்று சொல்லப்படுகிற அந்த நிதானமே இங்கே எதிரி. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். அத்தையின் தோட்டத்துப் பையில் இப்போது ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் தேக்கரண்டியும் இருக்கின்றன. கூட வேலை செய்கிற பெண்ணுக்கும் காட்டிவைத்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 7.9. டாக்டர் ஊசிப் பேச்சை ஒத்திவைத்திருக்கிறார். ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

போன வாரம் அத்தையே போன் பண்ணினார். கொல்லிமலையில் பலாப்பழம் வந்துவிட்டது. சோளக்காடு சந்தையில் குவித்துப் போட்டிருக்கிறார்கள், வீட்டு மரத்திலும் இரண்டு பழுத்துவிட்டன. ''பலாச்சொளைக்கு என்ன கணக்கு கண்ணு?'' பலாச்சுளையில் 100 கிராமுக்கு சுமார் 20 கிராம் மாவுச்சத்து. அதனால் கொட்டை நீக்கி 75 கிராம் ஒரு பங்கு. ''நடுத்தரமான சொளைன்னா மூணு, அத்தை'' என்றேன்.

''மூணா?''

''மூணு. சாயங்காலக் கிழங்கை விட்டுட்டீங்கன்னா ஆறு.''

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ''கொட்டையைச் சாம்பார்ல போட்டா?'' என்றார். அதிலும் மாவுச்சத்து உண்டு, 60 கிராம் வந்தால் ஒரு பங்கு என்று சொன்னேன். ''சரி, நாலு கொட்டை போட்டுக்கறேன். நீ வர்றப்ப அந்தத் தராசை எடுத்துட்டு வா. தேன் ஒரு பாட்டில் வந்திருக்கு, அதையும் நிறுத்துப் பாத்தறலாம்'' என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். தேன் நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. மேசைக்கரண்டி ஒன்றே 17 கிராம். அதை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.